சி.பி.சி.யா, ஆர்சனாசோவா: கால்சியத்தில் அந்த அரை மில்லிகிராம் எங்கிருந்து வந்தது?

கால்சியம் பரிசோதனைக்குப் பல ஆண்டுகள் ஓ-கிரெசால்ப்தலீன் காம்ப்ளெக்ஸோனைத்தான் பயன்படுத்தினோம். ஆய்வகங்களில் அதைச் சுருக்கமாக சி.பி.சி. என்பார்கள். பிறகு ஆர்சனாசோ 3 முறைக்கு மாறினோம். மாற வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் நானும் ஒருவன், அதனால் இந்த ஒப்பீட்டில் நடுநிலை வகிக்கப் போவதில்லை. ஆனால் என்னை ஆர்சனாசோ பக்கம் கொண்டுவந்த காரணம் ரீஏஜென்ட் விளம்பரத்தாள்களில் இருக்கும் காரணம் அல்ல. அது ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் இறுக்குப் பட்டையோடு தொடர்புடையது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். சாயம் கால்சியத்தைப் பிடிக்கிறது, நிறம் மாறுகிறது, அதன் அடர்த்தியை ஒளிமானி அளக்கிறது. வேறுபாடு வினை நடக்கும் சூழலில் இருக்கிறது. சி.பி.சி. கடுமையான காரச் சூழலில், அதாவது பி.எச். 10-க்கு மேல், ஊதா நிறம் தருகிறது. 570 நானோமீட்டர் அருகில் அதை அளக்கிறோம். மக்னீசியமும் அதே சாயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் சேர்த்து அதை மறைக்க வேண்டும். ஆர்சனாசோ 3 லேசான அமிலச் சூழலில், பி.எச். 6-ஐ ஒட்டி, வேலை செய்கிறது. அந்த நிலையில் அதற்கு மக்னீசியத்தைவிடக் கால்சியத்தின் மீது பிடிப்பு மிக அதிகம். அளப்பது 650 நானோமீட்டர் அருகில். ஹீமோகுளோபினும் பிலிருபினும் அங்கே அதிகம் குறுக்கிடுவதில்லை. 570-இல் ஹீமோகுளோபின் தெளிவாகவே குறுக்கிடும், எனவே சி.பி.சி.யில் மாதிரிக்கெனத் தனி வெற்று அளவு தேவைப்படுகிறது.

துல்லியம், நேர்கோட்டு எல்லை போன்றவற்றில் நன்றாகப் பராமரிக்கப்பட்ட சி.பி.சி. பெரிதாகப் பின்தங்குவதில்லை. அதன் சிக்கல் முழுவதும் 'நன்றாகப் பராமரிக்கப்பட்ட' என்ற அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது.

காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். கருவியில் மூடியில்லாமல் நிற்கும் புட்டியில் பி.எச். மெல்ல இறங்கும், அதோடு நிறத்தின் வலுவும் இறங்கும். வினை வெப்பநிலைக்கும் எளிதில் அசையும். எங்கள் கருவியில் காலையில் அளவுத்திருத்தம் முடிந்ததும் கண்ட்ரோல் சீரம் 9.6 காட்டும் (இங்கே எல்லா அளவுகளும் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், புரதமும் அல்புமினும் மட்டும் கிராம்). மாலையில் அதே கண்ட்ரோல் 9.2-க்கு வந்திருக்கும். அனுமதித்த எல்லைக்குள்தான் இருக்கும், எனவே யாரும் அலறமாட்டார்கள். புதிய புட்டி வைத்தால் மீண்டும் 9.6. ஆர்சனாசோவில் இந்தச் சரிவு எங்களுக்கு ஏற்படவில்லை. ஒரு முறை செய்த அளவுத்திருத்தம் பல நாட்கள் அப்படியே நின்றது.

0.4 மில்லிகிராம் பெரிதா என்று கேட்கலாம். கால்சியத்துக்குப் பெரிதுதான். இயல்பு எல்லை ஏறத்தாழ 8.5 முதல் 10.5 வரை, உடல் அதை அதைவிடவும் இறுக்கமாகக் கட்டிக்காக்கிறது. தவிர, இறுக்குப் பட்டையை அதிக நேரம் கட்டியிருந்தால் வரும் பிழையும் ஏறக்குறைய இதே அளவுதான். அளவுகோலே அரை மில்லிகிராம் அசைந்துகொண்டிருந்தால், கையில் பட்டை கட்டியதால் வந்த அரை மில்லிகிராமை எப்படி இனம்காண்பது? நான் கட்சி மாறியது இந்தக் கேள்வியில்தான்.

பட்டை இறுகியதும் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. நுண்குழாய்ச் சுவர் வழியாக நீரும் சிறிய உப்புகளும் திசுக்களுக்குள் கசிகின்றன. அல்புமின் பெரிய மூலக்கூறு, அதனால் கசிய முடியாமல் உள்ளேயே தங்கிச் செறிவடைகிறது. ரத்தத்திலுள்ள மொத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதத்தோடு, பெரும்பாலும் அல்புமினோடு, பிணைந்திருக்கிறது. ஆகவே அல்புமின் செறிவடையும்போது அந்தப் பங்கும் கூடவே உயர்கிறது. தனித்து மிதக்கும் அயனிக் கால்சியம் நீரோடு சேர்ந்து வெளியேறிவிடுவதால் அதன் செறிவு பெரிதாக மாறுவதில்லை. நிறவினை முறைகள் இரண்டுமே அளப்பது மொத்தக் கால்சியத்தை. சாயம் அல்புமினிடமிருந்து கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. எனவே பட்டையால் வந்த உயர்வை சி.பி.சி.யும் மறைக்காது, ஆர்சனாசோவும் மறைக்காது. ஆர்சனாசோவில் அது தெளிவாகத் தெரியும் என்பதுதான் வேறுபாடு.

மாறிய சில வாரங்களில் வந்த ஒரு மாதிரியைச் சொல்கிறேன். வேறு எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குக் கால்சியம் 10.7 என்று வந்தது. புதிய ரீஏஜென்ட்டின் மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. கண்ட்ரோல் இலக்கிலேயே நின்றது, அன்றைய மற்ற மாதிரிகளில் எந்த உயர்வும் இல்லை. பிறகு அதே குழாயில் அல்புமினைப் பார்த்தோம், 5.1 இருந்தது. மொத்தப் புரதம் 8.5. சோடியமும் யூரியாவும் இயல்பாக இருந்தன. நீரிழப்பாக இருந்தால் யூரியாவும் ஏறியிருக்க வாய்ப்புண்டு. புரதமும் புரதத்தைச் சார்ந்தவையும் மட்டும் உயர்ந்திருந்தால் பட்டையைத்தான் கேட்க வேண்டும். கேட்டோம். சிரை கிடைக்காமல் நான்கைந்து நிமிடங்கள் கட்டு அவிழ்க்கப்படவில்லை என்று ரத்தம் எடுத்தவர் நேர்மையாகச் சொன்னார்.

மறுநாள் அதே நேரத்தில், அதே போல் உட்கார்ந்த நிலையில், பட்டை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் கட்டி எடுத்த மாதிரியில் கால்சியம் 10.2, அல்புமின் 4.6, புரதம் 7.7. கணக்கு போட்டுப் பார்த்தோம். அல்புமின் ஏறியது 0.5 கிராம், அதாவது சுமார் 11 விழுக்காடு. கால்சியத்தில் 40 விழுக்காடுதான் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். 10.2-இல் 40 விழுக்காடு 4.1, அதில் 11 விழுக்காடு 0.45. உண்மையில் ஏறியது 0.5. கருவியின் இயல்பான சிதறலை நினைத்தால் இதைவிட நெருங்க முடியாது.

வழக்கமான திருத்தச் சூத்திரத்திலும் இதைப் போட்டுப் பார்க்கலாம்:

```
திருத்திய Ca = Ca + 0.8 × (4.0 − அல்புமின்)
முதல் மாதிரி: 10.7 + 0.8 × (4.0 − 5.1) = 9.8
இரண்டாவது:  10.2 + 0.8 × (4.0 − 4.6) = 9.7
```

இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இதே முதல் மாதிரி பழைய சி.பி.சி. புட்டியில் மாலை நேரத்தில் ஓடியிருந்தால் 10.3 என்று வந்து, இயல்பு என்று அறிக்கை போயிருக்கும். இவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பாராதைராய்டு சுரப்பியின் மிகைச் செயல்பாட்டால் உண்மையாகவே 10.8 இருக்கும் ஒருவருக்கும் அதே புட்டி 10.4 என்றுதான் சொல்லியிருக்கும். இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் சேர்ந்து ஒரு நல்ல எண்ணைத் தந்துவிடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

இந்தச் சூத்திரத்தை நம்புவதற்கு முன் அல்புமின் எந்தச் சாயத்தால் அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். புரோமோகிரெசால் பச்சை சில குளோபுலின்களோடும் வினைபுரிவதால், அல்புமின் குறைந்த நோயாளிகளிடம் கூடுதலாகக் காட்டும். புரோமோகிரெசால் ஊதா அல்புமினுக்கு அதிக விசுவாசமானது, ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம் சில சமயம் குறைவாகக் காட்டும். ஒருவருக்குக் கால்சியம் 8.0, பச்சை முறையில் அல்புமின் 2.8, ஊதா முறையில் 2.3 என்று வைத்துக்கொள்வோம். திருத்திய கால்சியம் முதலாவதில் 9.0, இரண்டாவதில் 9.4. இங்கேயும் அதே 0.4. கால்சிய முறையை மாற்றும்போது அல்புமின் முறையையும் சேர்த்து மாற்றினால், எந்த மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. நாங்கள் அல்புமின் முறையைத் தொடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. ரத்தத்தின் அமிலத்தன்மை மாறினால் அல்புமின் கால்சியத்தைப் பிடிக்கும் வலுவே மாறிவிடும். காரத்தன்மை ஏறினால் பிடிப்பு இறுகி அயனிக் கால்சியம் குறையும், மொத்தக் கால்சியமோ அசையாது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், கால்சியத்தைப் பிடிக்கும் அசாதாரணப் புரதம் கொண்ட மைலோமா நோயாளிகள் ஆகியோருக்கு எந்தச் சாயத்தையும் வைத்துக்கொண்டு வாதாடாமல் அயனிக் கால்சியத்தை மின்முனையால் நேரடியாக அளப்பதே சரி. அதிலும் பட்டை கட்டிக்கொண்டு முட்டியை மூடித் திறக்கச் சொல்லக் கூடாது. தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து பி.எச். இறங்கி, அயனிக் கால்சியம் பொய்யாக ஏறும்.

மக்னீசியத்துக்குப் போட்டி கால்மகைட்டுக்கும் சைலிடில் நீலத்துக்கும் இடையில். இரண்டும் காரச் சூழலில் வேலை செய்பவை, இரண்டிலும் கால்சியத்தை மறைக்க இ.ஜி.டி.ஏ. சேர்க்கப்படுகிறது. கால்மகைட் ரீஏஜென்ட்கள் சிலவற்றில் கன உலோகங்களைத் தடுக்க சயனைடு இருப்பதால் நாங்கள் சைலிடில் நீலத்தைத் தேர்ந்தோம். அதற்கு மேல் இவற்றை ஒப்பிட என்னிடம் போதிய அனுபவம் இல்லை. கால்மகைட்டை நான் சில மாதங்களே கையாண்டிருக்கிறேன். எதை வாங்கினாலும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள்: ஒரு சீரத்தில் கால்சியம் சேர்த்து மக்னீசியத்தை மீண்டும் அளந்து பாருங்கள். எண் ஏறினால் மறைப்பு போதவில்லை.

பட்டையின் தாக்கம் மக்னீசியத்தில் குறைவு, ஏனெனில் புரதத்தோடு பிணைந்திருப்பது சுமார் 30 விழுக்காடுதான். மேலே சொன்ன நபரின் மக்னீசியம் இரண்டு மாதிரிகளிலும் 2.1, 2.2 என்று வந்தது. அதை வைத்து எதுவும் சொல்லியிருக்க முடியாது. மக்னீசியத்தின் உண்மையான எதிரி சிவப்பணுச் சிதைவு. சிவப்பணுக்குள் மக்னீசியம் சீரத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கிறது. நீண்ட நேரம் கட்டி, ஊசியைத் துழாவி எடுத்த ரத்தம்தான் பெரும்பாலும் சிதைந்தும் வரும் என்பதால், பட்டை இங்கே பின்வாசல் வழியாக நுழைகிறது.

ஆர்சனாசோவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாயத்தில் ஆர்சனிக் இருக்கிறது. கழிவைத் தொட்டியில் ஊற்ற முடியாது, தனிக் கலத்தில் சேர்த்து முறைப்படி ஒப்படைக்க வேண்டும். சி.பி.சி.யில் இந்தச் சுமை இல்லை. மாதிரிகள் குறைவாக வரும், தினமும் அளவுத்திருத்தம் செய்து புட்டியை மூடி வைக்க ஆள் இருக்கும் ஆய்வகத்துக்கு சி.பி.சி. இன்றும் தவறான தேர்வு அல்ல. காடோலினியம் கலந்த எம்.ஆர்.ஐ. மருந்துகளில் காடோடையமைட் போன்றவை சி.பி.சி.யில் கால்சியத்தைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பது நன்கு தெரிந்த செய்தி. எங்களுக்கு அப்படிப்பட்ட மாதிரிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்தன, எனவே அதை என் தேர்வுக்கான காரணமாகச் சொல்ல மாட்டேன்.

மாற்றத்துக்குப் பிறகு ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டோம். 10.5-ஐத் தாண்டும் ஒவ்வொரு கால்சியத்துக்கும் அதே குழாயில் அல்புமினைப் பார்க்கிறோம். அதுவும் உயர்ந்திருந்தால் அறிக்கையை நிறுத்திவைத்து மாதிரியை மீண்டும் கேட்கிறோம்: சிரையைக் கண்டுபிடிக்க மட்டும் பட்டை, ஒரு நிமிடம் கடந்தால் அவிழ்த்துவிட்டு மறு கையில் முயற்சி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் பட்டையை அவிழ்த்துவிடுவது.