போர்டின் முதல் டிராஃப்ட்: குரல் பதிவா, எண் போட்ட குறிப்பா?

டிபன் கடைக்கு 10க்கு 4 அடி ஃப்ளெக்ஸ் போர்டு. முதல் டிராஃப்ட் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பலர் உடனே குரல் பதிவு அனுப்புவார்கள்: "எடுப்பா இல்லையே, பெயரைப் பெருசாக்குங்க." சுலபம்தான். ஆனால் எவ்வளவு பெரிதாக்குவது என்று டிசைனர் ஊகிக்க வேண்டும். மாலையில் அண்ணன் இன்னொரு பதிவில் வேறு நிறம் கேட்டால், மூன்றாவது டிராஃப்ட் உறுதி.

மற்ற வழி, வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டு, படத்தில் எண் போட்டு வட்டமிட்டு, ஒரே செய்தியாக எழுதுவது. "1. எதிர்ப்பக்கம் 40 அடி தூரம். அங்கிருந்து கடைப் பெயர் தெரிய வேண்டும். 2. போன் எண்ணின் கடைசி இலக்கம் 8 அல்ல, 6. 3. இட்லிப் படத்தின் அளவை மாற்ற வேண்டாம்." தூரத்தைச் சொன்னால் போதும், 10 அடிக்கு ஓர் அங்குலம் என்ற வழக்கமான கணக்கில், எழுத்து 4 அங்குல உயரமாவது வேண்டும் என்று டிசைனரே முடிவு செய்வார். மூன்றாவது குறிப்பை விட்டுவிடாதீர்கள். பெயரைப் பெரிதாக்க இடம் தேடும்போது படம்தான் முதலில் சுருங்கும்.

எழுதக் கொஞ்சம் நேரமாகும், இருந்தாலும் என் தேர்வு இதுதான். முதல் குறிப்பை விளக்க வேண்டுமானால் குரல் பதிவு சேர்க்கலாம். போன் எண்ணும் பெயர்த் திருத்தமும் மட்டும் தட்டச்சில்தான் போக வேண்டும். டிசைனர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டிக்கொள்வார்.