30×40 சைட் எத்தனை சதுர மீட்டர்? ஆறு செமஸ்டர்களாக நான் பயன்படுத்திவரும் கேள்விகள்

பெங்களூருவில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் காதில் விழுவது 30×40 சைட். முப்பதடிக்கு நாற்பதடி, ஆயிரத்து இருநூறு சதுர அடி. இதைச் சதுர மீட்டரில் சொல்லுங்கள், 1 அடி = 0.3048 மீட்டர் என்று முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்குத் தாளில் கொடுத்தேன். வகுப்பில் பெரும்பகுதியினர் 365.76 என்று எழுதினார்கள். சரியான விடை 111.48.

நான் நகரத்தின் புறப்பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். அலகு மாற்றத்துக்கும் பரிமாணப் பகுப்பாய்வுக்கும் பாடத்திட்டம் தருவது இரண்டே வகுப்புகள். "இதெல்லாம் பள்ளியிலேயே படித்தது" என்று எல்லோரும் கடந்துபோகும் பகுதி அது. ஆறு செமஸ்டர்களாக அந்த இரண்டு வகுப்புகளின் தொடக்கத்தில் ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு தாளைக் கொடுத்து வருகிறேன். பன்னிரண்டு நிமிடம், மதிப்பெண் கிடையாது, கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், மாற்றுக் காரணிகளைத் தாளிலேயே அச்சிட்டிருப்பேன். மனப்பாடத்தைச் சோதிப்பது என் நோக்கமல்ல. ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு பாதை இருக்கிறது. மாணவர் எந்தப் பாதையில் போனார் என்பதைத் தவறே சொல்லிவிட வேண்டும். 1992-இல் அமெரிக்க இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஹெஸ்டெனஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் விசை பற்றிய கருத்துகளைச் சோதிக்க இந்த முறையில் ஒரு கேள்வித்தொகுப்பு வெளியிட்டார்கள். அதன் தவறான விடை விருப்பங்கள் மாணவர்கள் உண்மையாகவே நம்புகிறவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. நான் செய்தது அதே வேலையை அலகுகளுக்குச் செய்து பார்த்ததுதான்.

முதல் செமஸ்டரில் விருப்பங்களே கொடுக்கவில்லை. கேள்வியை மட்டும் கொடுத்து, வந்த தவறான விடைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எப்படி வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 365.76 என்பது 1200-ஐ 0.3048-ஆல் ஒருமுறை மட்டும் பெருக்கியவர்களுடையது. 3937 என்பது ஒருமுறை வகுத்தவர்களுடையது. 12,917 எழுதியவர்களுக்குக் காரணியை இருமுறை பயன்படுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, திசைதான் தவறிவிட்டது. இந்த மூன்றையும் சரியான விடையோடு சேர்த்ததும் நான்கு விருப்பங்கள் ஆயின. ஐந்தாவதாக "இவற்றுள் இல்லை, என் விடை" என்று ஒரு கோடு விட்டேன். அந்தக் கோட்டை எடுக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் நினைத்துப்பார்க்காத தவறுகள் எல்லாம் அதில்தான் வந்து விழுகின்றன.

365.76 எழுதிய ஒரு மாணவியோடு நடந்த உரையாடலைச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா ஈஜிபுராவில் மேஸ்திரி. தாளைக் காட்டி, பக்கங்களை முதலில் மீட்டராக்கிப் பெருக்கிப் பாருங்கள் என்றேன். 9.144-ஐ 12.192-ஆல் பெருக்கினார், 111.48 வந்தது. இரண்டு விடைகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இரண்டும் சரியாகத்தானே செய்தேன் சார், ஏன் வேறு வேறு வருகிறது?"

"அப்பா இந்த மாதிரி வீட்டை எத்தனை சதுரம் என்று சொல்வார்?"

"பன்னிரண்டு சதுரம்."

"ஒரு சதுரம் என்றால்?"

"நூறு சதுர அடி."

"பக்கம் பத்தடிதானேம்மா, ஏன் பத்து சதுர அடி ஆகவில்லை?"

"அந்தப் பக்கமும் பத்து, இந்தப் பக்கமும் பத்து..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு, தாளை இழுத்து, 0.3048-க்குப் பக்கத்தில் இன்னொரு 0.3048 எழுதினார்.

அன்றிலிருந்து இந்தத் தவறுக்கு நான் சூத்திரம் சொல்வதில்லை. கொத்தனார் கணக்கில் வரும் அந்தச் சதுரத்தைத்தான் பலகையில் வரைகிறேன். ஒரு மீட்டர் சதுரத்துக்குள் ஓரடிச் சதுரங்களை அடுக்கினால் ஒரு வரிசையில் 3.28, அப்படி 3.28 வரிசைகள், மொத்தம் 10.76. ஊரில் புழங்கும் ஒரு சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இனி, என்னை ஒரு முழு ஆண்டு தவறான வழியில் நடத்திய கேள்வியைப் பற்றி. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம்; ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோகிராம்? சரியான விடை 7850. விருப்பங்களில் 0.785 இருந்தது, சென்டிமீட்டரைக் கன அளவாக்காமல் வெறும் 100-ஆல் பெருக்கியவர்கள் அதில் சிக்குவார்கள். இன்னொரு விருப்பம் 7.85×10⁻³. கிராமைக் கிலோவாக்கிவிட்டுக் கீழே உள்ள கன அளவை மறந்தவர்களுக்காக அதை வைத்தேன். நிறையப் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை உட்காரவைத்து "கீழே இருப்பதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலர் முகத்தில் எந்த வெளிச்சமும் வரவில்லை.

பிறகு ஒருவரிடம் வழிமுறையை எழுதச் சொன்னபோதுதான் காரணம் தெரிந்தது. அவர் எதையும் மறக்கவில்லை. கிலோ பெரியது என்பதால் 1000-ஆல் பெருக்கியிருந்தார், கன மீட்டர் பெரியது என்பதால் பத்து லட்சத்தால் வகுத்திருந்தார். ஆயிரத்தால் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தாலும் ஆயிரத்தில் ஒன்றுதான் வரும். ஒரு பகுதியைத் தொடாமல் விட்டவரும் இரண்டு பகுதிகளையும் தலைகீழாகச் செய்தவரும் ஒரே எண்ணில் வந்து நின்றிருக்கிறார்கள். முதலாமவருக்குத் தேவை கவனம். இரண்டாமவருக்கோ பெருக்குவதா வகுப்பதா என்ற அடிப்படையே குழம்பியிருக்கிறது. இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் குறை கேள்வியின் எண்களில் இருக்கிறது. எல்லாக் காரணிகளும் பத்தின் அடுக்குகளாக இருந்தால் வெவ்வேறு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துகொள்ளும். ஆகவே, தடயம் விடுகிற ஒரு காரணியாவது கேள்விக்குள் இருக்க வேண்டும். 0.3048 அப்படிப்பட்டது. நேரத்தில் வரும் 60-உம் அப்படித்தான்.

அடர்த்திக் கேள்வியை எடுத்துவிட்டு, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு நிமிடத்துக்கு 90 லிட்டர் ஏற்றும் மோட்டாரை வைத்தேன். விநாடிக்கு எத்தனை கன மீட்டர்? சரியான விடை 1.5×10⁻³. 0.09 எழுதினால் நிமிடத்தைத் தொடவில்லை. 5.4 எழுதினால் 60-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கியிருக்கிறார். 1500 என்றால் லிட்டர் தலைகீழாகிவிட்டது. இரண்டும் தலைகீழானால் 5.4×10⁶. எந்த இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் முடிவதில்லை. இன்னொரு நன்மையும் கிடைத்தது. விநாடிக்கு 5.4 கன மீட்டர் என்றால் ஐயாயிரம் லிட்டருக்கு மேல். கோடையில் தெருவில் தண்ணீர் லாரி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம், "உங்கள் மாடி மோட்டார் விநாடிக்கு ஒரு லாரித் தண்ணீர் ஏற்றுமா?" என்று கேட்டால் போதும், தாங்களே அடித்துத் திருத்துகிறார்கள்.

நீண்ட நாள் பயன்படுத்தியதில் கண்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வியில் ஒருவர் தேர்ந்தெடுத்ததை வைத்து அவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. குத்துமதிப்பாக டிக் அடித்தவரும் அதே கட்டத்தில்தான் இருப்பார். அதனால் ஒவ்வொரு தவறான பாதையும் தாளில் இரண்டு கேள்விகளில் வரும்படி அமைக்கிறேன். இரண்டிலும் அதே பாதையில் போனவரை மட்டும் தனியாக அழைக்கிறேன். மேலும், தாள் சீனியர்களிடமிருந்து கைமாறி வந்துவிடுகிறது. எண்களை மாற்றுவது எளிது, 30×40-க்குப் பதில் 40×60 என்றால் சரியான விடை 222.97, ஒருமுறை மட்டும் பெருக்கியவருக்கு 731.52. பாதைகள் அப்படியேதான் இருக்கும்.

இதைவிடக் கடினமானது, திருத்திய பிறகு உண்மையாகப் புரிந்ததா என்று அறிவது. பரப்பளவுக் கேள்வியை மறுபடி கொடுத்தால் எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். "இருமுறை" என்ற சொல் மட்டும் நினைவில் ஒட்டியிருக்கலாம். அதனால் இரண்டு வாரம் கழித்து, உத்தரக் கணக்குகளில் வரும் பரப்பின் இரண்டாம் திருப்புத்திறனைக் கொடுக்கிறேன். 8×10⁶ மில்லிமீட்டர்⁴ எத்தனை மீட்டர்⁴? நான்கு முறை ஆயிரத்தால் வகுக்க வேண்டும், விடை 8×10⁻⁶. இங்கே எல்லாமே பத்தின் அடுக்குகள்தான். ஆனாலும் இதில் பாதைகள் மோதுவதில்லை, ஏனெனில் எத்தனை முறை வகுத்தார்கள் என்பது ஒன்றுதான் மாறுகிறது. 8 என்று எழுதியவர் சதுரத்தை மனப்பாடம் செய்தவர், இருமுறையோடு நிறுத்திவிட்டார். 8×10⁻³ எழுதியவர் கன அளவோடு நின்றவர். ஒவ்வொரு செமஸ்டரிலும் அந்த 8 எனக்குக் கிடைக்கிறது. பலகையில் வரைந்த சதுரம் அவர்களுக்குப் படமாகவே தங்கிவிட்டது, அடுக்கு ஏன் அப்படி வருகிறது என்பதாக மாறவில்லை.

பரிமாணப் பகுப்பாய்வு எட்டாத ஓர் இடத்தையும் இந்தத் தாளில்தான் மாணவர்கள் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். 10 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, நிமிடத்துக்கு 1500 சுற்று. திறன் எவ்வளவு? கோண வேகம் விநாடிக்கு 157 ரேடியன், ஆகவே சுமார் 1570 வாட். 15,000 எழுதியவர் சுற்றை அப்படியே வைத்துப் பெருக்கியவர். 250 எழுதியவர் 60-ஆல் வகுத்து, விநாடிக்கு 25 சுற்று என்பதைப் பெருக்கியவர். அவரிடம் பரிமாணத்தைச் சரிபாருங்கள் என்றால் பரிமாணம் மிகச் சரியாக வரும். ரேடியனுக்கும் சுற்றுக்கும் பரிமாணம் இல்லை, அதனால் 2π காணாமல் போனதை அந்தச் சோதனை காட்டாது. இயக்க ஆற்றலில் உள்ள ½ காணாமல் போனாலும் அது காட்டுவதில்லை.

இதற்கு நூலும் உருளையும்தான் எனக்குக் கைகொடுத்தன. 0.1 மீட்டர் ஆரமுள்ள உருளையில் சுற்றிய நூலை 100 நியூட்டன் விசையால் இழுத்தால் அதே 10 நியூட்டன் மீட்டர்தான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் வெளியே வருகிறது என்று உண்மையாகவே ஸ்கேலால் அளக்கச் சொல்கிறேன். ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் வரும். ஒரு விநாடியில் வரும் 25 சுற்றுக்குச் சுமார் 15.7 மீட்டர். விசையால் பெருக்கினால் 1570. 250 வாட் எழுதியவர்களுக்கு ஒரு சுற்றுக்கு 10 சென்டிமீட்டர் நூல்தான் வந்திருக்க வேண்டும். கையில் இருக்கும் நூல் அதைப்போல ஆறு மடங்கு நீளம். இதுவரை தாளைத் திருத்திய பிறகுதான் உருளையை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அடுத்த செமஸ்டரில் ஒரு பிரிவுக்கு மட்டும் உருளையை முதல் நாளே கொடுத்துவிட்டு, அந்தப் பிரிவில் 250 எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று எண்ணப் போகிறேன்.