பாலிசி முடிய 12 நாள்: இப்போதே சொல்வதா, க்ளெய்ம் வரட்டும் என்று இருப்பதா?

ஒரு கட்டுமானப் பொறியாளர். தளக் கம்பிகளின் இடைவெளி 100 மி.மீ. என்று இருக்க வேண்டிய வரைபடத்தில் 200 என்று விழுந்துவிட்டது. அதாவது கம்பி பாதிதான். தளத்தில் விரிசல் என்று ஒப்பந்ததாரர் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உரிமையாளர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. வேலையில் நேரும் பிழைக்காக வரும் நஷ்டஈட்டு க்ளெய்முக்கான தொழில்முறைப் பொறுப்பு பாலிசி முடிய 12 நாள் இருக்கிறது.

காப்பீட்டாளரிடம் சொல்லாமல் காத்திருப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ரினியூவலில் பிரீமியம் ஏறுமே என்ற பயம். ஆனால் இந்த வகை பாலிசிகளில் பெரும்பாலானவை, தவறு நடந்த வருடத்தைப் பார்ப்பதில்லை; க்ளெய்ம் வந்த வருடத்தைப் பார்க்கின்றன. ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தால், பழைய பாலிசி முடிந்துபோயிருக்கும். புதிய பாலிசியோ, தொடங்கும் முன்பே தெரிந்திருந்த விஷயத்தை விலக்கிவிடும். அந்த மின்னஞ்சலின் தேதி ஒன்றே போதும். ப்ரொபோசல் படிவத்தில் “எதுவும் தெரியாது” என்று கையெழுத்திட்டிருந்தால் புதிய பாலிசியே ஆட்டம் காணும்.

இன்னொரு வழி, “இந்த வருடம் செய்த எல்லா வேலையிலும் க்ளெய்ம் வரலாம்” என்று ஒரேயடியாக எழுதிவிடுவது. சாமர்த்தியம் போலத் தெரியும், ஆனால் நிற்காது. குறிப்பான நிகழ்வு எதுவும் இல்லாத அறிவிப்பைப் பெரும்பாலும் காப்பீட்டாளர் ஏற்கமாட்டார்.

க்ளெய்ம் வருமுன்பே, அது வரக்கூடிய சூழ்நிலையைக் காப்பீட்டாளருக்குச் சொல்லிவைக்க இடம் தரும் சூழ்நிலை அறிவிப்புப் பிரிவு பாலிசியில் இருந்தால், குறிப்பாக எழுதுவதே சரி. அப்படிச் செய்தால், பின்னால் வரும் க்ளெய்ம் இந்த பாலிசிக் காலத்திலேயே வந்ததாகக் கொள்ளப்படும். எந்த வரைபடம், எந்தத் தேதி, என்ன பிழை, எப்போது எப்படித் தெரிந்தது, யார் என்ன நஷ்டம் கேட்கக்கூடும் என்பதெல்லாம் வர வேண்டும். தொகை தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதலாம். மின்னஞ்சலையும் படங்களையும் இணைக்கவும்.

பலர் சறுக்குவது அறிவிப்பின் எல்லையில்தான். விரிசல் விட்ட கட்டடத்தை மட்டும் எழுதி, அதே வரைபடம் வேறு மூன்று கட்டடங்களுக்கும் போனதை விட்டுவிட்டால், அவை வெளியே நிற்கும் அபாயம் உண்டு. காரணம் அந்த இடைவெளிப் பிழை என்று எழுதி, நான்கு கட்டடங்களையும் பெயரோடு சேர்க்க வேண்டும்.

க்ளெய்ம் “வரலாம்” என்றா, “வர வாய்ப்பு அதிகம்” என்றா எழுதியிருக்கிறது என்று அந்தப் பிரிவில் கவனியுங்கள்; முதலாவதற்குச் சிறு சந்தேகமே போதும், இரண்டாவது அதைவிடக் கடினம். அறிவிப்பு, பிரிவு சொல்லும் முகவரிக்குக் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். புரோக்கர் பெரும்பாலும் உங்கள் ஆள். அவர் கையில் கிடைத்தது காப்பீட்டாளர் கையில் கிடைத்ததாகாது. எழுத்தில் ஒப்புதல் வரும்வரை விடாதீர்கள். உரிமையாளரிடம் “தப்பு எங்களுடையதுதான்” என்று காப்பீட்டாளரின் சம்மதமின்றி எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.