செங்கல் தாங்கியா, கம்பிவலைத் தாங்கியா?

வாகரைப் பக்கம் மழைநீர் சேமிக்க 5,000 லீற்றர் தாங்கி கட்டப் போகிறீர்கள் என்று வைப்போம். விட்டம் 2 மீற்றர், உயரம் 1.6 மீற்றர். தாங்கி நிறைந்ததும் தண்ணீர் சுவரை வெளியே தள்ளும். அடியில் 10 சென்டிமீற்றர் உயர வளையத்தை மட்டும் ஏறக்குறைய 150 கிலோ எடையளவு விசை இழுக்கும்.

செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கல்லும் சாந்தும் சேரும் மூட்டில்தான் வெடிப்பு விழும். அது ஒரே வெடிப்பாக அகலும், தண்ணீர் ஒழுகும்.

கம்பிவலையில் சாந்து அழுத்திக் கட்டும் ஃபெரோசிமெந்துச் சுவர் 4 சென்டிமீற்றர்தான். சாந்து அமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், இழுவையைக் கம்பி ஏற்கும். வலையின் மெல்லிய கம்பிகள் நெருக்கமாக ஓடுவதால் வெடிப்பு ஓரிடத்தில் அகலாமல் மயிரிழைகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் பல, ஈரத்தில் தாமே அடைபடும்.

ஆனால் இது கைவேலை. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டரைப் பங்கு சலித்த ஆற்றுமணல், தண்ணீர் குறைவாக. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஒருவர் உள்ளே பலகை பிடிக்க, மற்றவர் வெளியிலிருந்து சாந்தை வலைக்குள் அழுத்த வேண்டும். இறுகியபின் தட்டிப் பாருங்கள்: டொக்கென்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே பொந்து இருக்கிறது, அங்கேதான் துருக்கறை முதலில் தெரியும். சாந்தைக் காயவிடாமல், இறுகியதுமே ஈரச்சாக்கு போர்த்தி இரண்டு வாரமாவது நனைக்க வேண்டும்.

பழகிய மேசன் கிடைத்தால் நான் கம்பிவலையைத்தான் எடுப்பேன். தாங்கியின் கூரைக்கும் இதே வேலைதான், ஆனால் தட்டையாக வேண்டாம், வளைவாகக் கட்டுங்கள்.