ரத்தம் பதிமூணு, காலில் மதமதப்பு: உடனே ஊசியா, எம்.எம்.ஏ. பார்த்தா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 59. பிறந்ததிலிருந்து சைவம், முட்டையும் தொட்டதில்லை. காலையில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், மதியம் சோறு, ராத்திரி இட்லி. பால் என்றால் இரண்டு வேளை டீயில் ஊற்றுவதுதான். நான்கு மாதமாக இரண்டு உள்ளங்காலிலும் எறும்பு ஊர்கிறது, செருப்பு கழன்று பின்னால் கிடப்பதுகூடத் தெரிவதில்லை என்றார். கையில் இருந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 13.1. பி12 மட்டும் 168 பிகோகிராம்.

"ரத்தந்தான் பதிமூணு இருக்குதே டாக்டர், அப்புறம் எப்படிச் சத்துக் குறைவுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னால்தான், இந்த நிலையில் நம் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளையும் ஒப்பிட முடியும். ஒன்று, உடனே பி12 ஊசியைத் தொடங்குவது. மற்றது, மெத்தில்மலோனிக் அமிலம் என்ற எம்.எம்.ஏ. அளவைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது.

உடம்பில் பி12-க்கு இரண்டு வேலை. முதல் வேலையை ஃபோலேட்டோடு சேர்ந்து செய்கிறது: ஹோமோசிஸ்டீனை மெத்தியோனினாக மாற்றுவது. புது ரத்த அணு உருவாவது இதோடு பிணைந்தது. இங்கே ஃபோலேட் தாராளமாக இருந்தால் ரத்தம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். கீரையும் பருப்பும் தினம் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது வேலை செல்லுக்குள், மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. மெத்தில்மலோனைல் கோ-ஏ என்ற பொருளைச் சக்சினைல் கோ-ஏ ஆக்குவது. அது நடக்காவிட்டால் அந்தப் பொருள் எம்.எம்.ஏ.யாகத் தேங்கும். இதில் ஃபோலேட்டால் கைகொடுக்க முடியாது. அதனால் ரத்தம் நன்றாகவே இருக்க, நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகலாம். 1988-இல் லிண்டன்பாம் குழுவினர் பி12 குறைவால் நரம்பு, மன பாதிப்பு வந்த 141 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையோ, சிவப்பணு பருத்திருப்பதோ ஏதோ ஒன்று இல்லாமலே பாதிப்பு இருந்தது. ஆகவே "ரத்தம் பதிமூணு" என்பது நரம்புக்கு நற்சான்று ஆகாது.

நம் பக்கத்துப் பெண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பி12 குறைந்தால் சிவப்பணு பருக்கும், இரும்புச்சத்து குறைந்தால் சிறுக்கும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. நடுவில் வந்து நின்று நல்ல பிள்ளை மாதிரித் தெரியும். இந்த அம்மாவுக்கு அது 85.

அவரைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னேன், தள்ளாடினார். 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்தேன். அதிர்வு தெரியவில்லை, கணுக்காலில் மங்கலாகத் தெரிந்தது. முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அப்போதுதான் சொன்னார். பாதம் தரையில் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போகும் முதுகுத்தண்டின் பின்பாதை பாதிக்கப்பட்டிருப்பதற்கு இது அடையாளம். சர்க்கரை, தைராய்டு, கிரியாட்டினின் மூன்றும் சரியாக இருந்தன.

இந்த இடத்தில் என் தீர்ப்பு தயக்கமில்லாதது: ஊசிதான், அன்றைக்கே. 200-க்குக் கீழே தெளிவாகக் குறைந்த அளவு, அதற்குப் பொருந்தும் சாப்பாடு, அதற்குப் பொருந்தும் நரம்பு அடையாளம் மூன்றும் சேர்ந்தபின் எம்.எம்.ஏ. முடிவு புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நம் ஊரில் ரத்தம் எடுத்து, பெங்களூருக்கோ சென்னைக்கோ போய், முடிவு திரும்பிவரப் பல நாள் ஆகலாம். செலவும் பி12 சோதனையைப் போலப் பல மடங்கு. நரம்புக் கோளாறு நீடிக்க நீடிக்க முழுதாகத் திரும்பும் வாய்ப்புக் குறைகிறது. அந்த நாட்களை ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்து கழிப்பது சரியில்லை.

எம்.எம்.ஏ. வேண்டும் என்று நோயாளி விரும்பினால், அல்லது பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆரம்ப அளவு வேண்டுமென்றால், ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிட்டு, அடுத்த நிமிடமே ஊசி போட்டுக்கொள்ளலாம். இந்த வரிசை மாறக்கூடாது. பி12 உள்ளே போனதும் எம்.எம்.ஏ. சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கி, ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகு வரும் முடிவு, முன்பு குறை இருந்ததா என்பதைக் காட்டாது. பலரும் வருவதற்கு முன்பே மருந்துக்கடையில் "நரம்பு மாத்திரை" வாங்கி ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அப்போது பி12 ஏறியும், எம்.எம்.ஏ. இறங்கியும் இருக்கும், இரண்டு சோதனையும் ஏமாற்றும். அந்த மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். இன்னொரு காரணமும் உண்டு: சிலவற்றில் பி6 அதிகம். அதையே பெரிய அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் காலில் மதமதப்பு வரலாம்.

இந்த அம்மாவுக்கு அப்படி முன்பே எடுத்து அனுப்பியிருந்தோம். முடிவு 1.3 மைக்ரோமோல் என்று வந்தது. 0.40-க்கு மேலே போனால் பெரும்பாலான ஆய்வகங்கள் அதிகம் என்பார்கள். மாறுதல் நடக்காமல் தேங்கியது ரத்தத்தில் வழிந்திருக்கிறது. அந்த முடிவு வருவதற்குள் அவர் மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்படியானால் எம்.எம்.ஏ. யாருக்கு? 200-க்கும் 300-க்கும் நடுவில் நிற்கிறவருக்கு. பி12 சோதனையின் பலவீனம் அங்கேதான். ரத்தத்தில் ஓடும் பி12-இல் பெரும்பகுதி ஹாப்டோகோரின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செல்கள் எடுத்துக்கொள்வது டிரான்ஸ்கோபாலமின் தூக்கிவரும் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான். சோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது இதில் தெரிகிறது, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்பது தெரியவில்லை. எம்.எம்.ஏ. பார்ப்பது அந்த அடுப்பை.

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் 56 வயதுக்காரர் ஒருவருடையது இதற்கு நல்ல உதாரணம். அவரும் சைவம். ஹீமோகுளோபின் 14.2, பி12 247. இரண்டு காலிலும் மதமதப்பு, நடை விறைப்பு. முழங்கால் தசைநாரைத் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளியது. பி12 குறைவில் முதுகுத்தண்டு கெட்டாலும் இப்படி வரும். "ஊசி போட்டுப் பார்ப்போம், சரியானால் அதுதான்" என்று சொல்லத் தோன்றும் கட்டம் இது. ஆனால் அந்தச் சோதனை முறைக்கு ஒரு குறை. நரம்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், மதமதப்போ எந்தக் காரணத்தால் வந்தாலும் தானாகவே ஏறியிறங்கும். மூன்று மாதம் கழித்தும் நமக்கு விடை தெரியாது, நோய் மட்டும் முன்னேறியிருக்கும்.

அவருடைய எம்.எம்.ஏ. 0.19. கிரியாட்டினின் 0.9. நரம்பு மாத்திரை, ஊசி எதுவும் முன்பு எடுத்ததில்லை. அதாவது 247 என்ற அளவே அவருடைய செல்களுக்குப் போதுமாயிருக்கிறது. இத்தனை பெரிய நடைக்கோளாறுக்கு பி12-ஐக் குற்றம் சொல்ல முடியாது. திரும்பப் பார்த்தபோது கழுத்து இரண்டு பக்கமும் திரும்பவே இல்லை. சிறு வயது முழுக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியது போல அடர்த்தியாக இருந்தது, முன்கையின் இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள சவ்வு எலும்பாக மாறியிருந்தது. இரண்டும் ஃபுளோரைடு எலும்பைப் பாதித்ததன் அடையாளம். எம்.ஆர்.ஐ.யில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரிந்ததும் நரம்பு அறுவை மருத்துவரிடம் அனுப்பினோம். அவருக்கு எம்.எம்.ஏ. செலவு வீணில்லை. பி12 மாத்திரையும் கொடுத்தேன், சைவக்காரருக்கு அது எப்படியும் தேவை. ஊசியால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஊசி போட்டாயிற்று என்று தேடுவதை நிறுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது.

எம்.எம்.ஏ.யை நம்பக்கூடாத இடமும் உண்டு. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், கிரியாட்டினின் ஏறியிருந்தால் பி12 நன்றாக இருக்கும்போதே 0.5 போல வந்து நிற்கும். அப்போது பி12 கொடுத்துச் சில வாரம் கழித்துத் திரும்ப அளப்பேன். நன்றாக இறங்கினால் அந்தப் பங்கு பி12 குறைவால் வந்தது, இறங்காமல் மிஞ்சியது சிறுநீரகத்தால் வந்தது. இதைவிட முக்கியம், உயர்ந்த எம்.எம்.ஏ. செல்லில் பி12 போதவில்லை என்று மட்டுமே சொல்லும், கால் மதமதப்புக்குக் காரணம் அதுதான் என்று சொல்லாது. பத்து வருடச் சர்க்கரை, பி12-ஐக் குறைக்கக்கூடிய மெட்ஃபார்மின் மாத்திரை தினம், சைவச் சாப்பாடு மூன்றும் உள்ளவருக்கு எம்.எம்.ஏ. ஏறியிருந்தாலும் பாதம் சர்க்கரையால் கெட்டிருக்கலாம். பெரும்பாலும் இரண்டுக்கும் பங்கு இருக்கும்.

ஹோமோசிஸ்டீனை மலிவான மாற்றாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஃபோலேட், பி6, தைராய்டு, சிறுநீரகம் எது குறைந்தாலும் அது ஏறும். ரத்தம் எடுத்த பிறகும் குழாய்க்குள் சிவப்பணுக்கள் அதைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துப் பிரிக்காவிட்டால் அளவு பொய்யாக உயரும். தர்மபுரியில் எடுத்து மாலை வண்டியில் அனுப்பும் மாதிரிக்கு இது பெரிய தலைவலி. எம்.எம்.ஏ. பிரித்த சீரத்தில் நிலையாக இருப்பதால் பயணத்தைத் தாங்கும். டிரான்ஸ்கோபாலமினில் உள்ள பி12-ஐ மட்டும் அளக்கும் சோதனை கிடைத்தால் நடுவில் நிற்கிறவருக்கு அது பரவாயில்லை, ஆனால் அதிலும் தெளிவில்லாத நடுவெல்லை உண்டு.

ஆசிரியைக்குப் போன ஊசி 1000 மைக்ரோகிராம்: இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பின் வாரம் ஒன்று, பின் மாதம் ஒன்று. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகச் சாப்பிட வேண்டாம் என்றேன், ரத்தத்தை அது தூக்கிப்பிடித்து நரம்புக் குறையை மறைத்துவிடும். குறை சாப்பாட்டால் மட்டும் வந்தது என்று உறுதியானால் பிற்பாடு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். உறிஞ்சும் வழியே கெட்டிருந்தாலும் சுமார் ஒரு சதவீதம் தானாக உள்ளே போகும். ஆனால் சைவம் என்பதாலேயே இரைப்பைக் கோளாறு இல்லை என்று ஆகாது. எம்.எம்.ஏ.யும் காரணத்தைச் சொல்லாது. அதனால் பி12-ஐ உறிஞ்ச உதவும் இரைப்பைப் புரதமான இன்ட்ரின்சிக் ஃபாக்டருக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற சோதனையும் எழுதிக்கொடுத்தேன், அது இல்லை என்றே வந்தது.

"டீயில ஊத்துற பால் பத்தாதா டாக்டர்?" என்று கேட்டார். 100 மில்லி பசும்பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம், நாளுக்குத் தேவை சுமார் 2.4. இரண்டு டீக்குச் சேர்த்து 120 மில்லி என்று வைத்தால் அரை மைக்ரோகிராம் தேறும். கணக்குப் போட்டுக் காட்டியதும் அவரே கழித்துப் பார்த்துக்கொண்டார்.

முதல் மூன்று வாரத்தில் எரிச்சல் கொஞ்சம் கூடியது, பயந்துபோய் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். நரம்பு திரும்பும்போது சிலருக்கு அப்படி ஆவதுண்டு, ஊசியை நிறுத்தவில்லை. அவருக்கு ஹீமோகுளோபின் முதலிலிருந்தே சரியாக இருந்ததால் அதை அளந்து முன்னேற்றம் பார்க்க வழியில்லை. இரண்டாம் மாதம் எம்.எம்.ஏ. 0.21 ஆகியிருந்தது, மருந்து செல்லைச் சேர்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் பாதம் இன்னும் பின்தங்கித்தான் இருந்தது. நான்காம் மாதம் கணுக்காலில் அதிர்வு தெளிவாகத் தெரிந்தது, கண்ணை மூடித் தனியே நின்றார். பெருவிரலில் இன்னும் தெரியவில்லை. அடுத்து ஆறாம் மாதம் வரச் சொல்லியிருக்கிறேன்.