மார்க்கெட் விழுந்தா செலவ எவ்வளவு குறைக்கிறது? மாமா கணக்க வச்சு மூணு முறை

ஈசூன்ல இருக்கற எங்க மாமாவுக்கு 66 வயசு. சிபிஎஃப் லைஃப்ங்கற ஆயுள் பென்ஷன்ல மாசம் 1,500 வெள்ளி வருது, அது போக ஃபண்டுல 5 லட்சம் வெள்ளி இருக்கு. "அஞ்சு சதவீதம் எடுத்தா வருஷத்துக்கு 25,000, சரிதானப்பா?"ன்னு பிளாக் கீழ காப்பிக்கடையில கேட்டாரு. "எடுக்கலாம் மாமா, ஆனா மொத ரெண்டு வருஷமே மார்க்கெட் விழுந்தா என்ன பண்ணுவீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க"ன்னேன். எஸ்&பி 500ங்கற அமெரிக்க பங்கு இண்டெக்ஸ் கூட 2000, 2001, 2002ன்னு மூணு வருஷம் வரிசையா இறங்கியிருக்கு, அதனால இது வீண் பயம் இல்ல. ஆரம்பத்துல விழறதுதான் ஆபத்து, ஏன்னா விலை இறங்கினப்ப வித்து சாப்பிட்ட யூனிட் பின்னாடி மார்க்கெட் ஏறினாலும் திரும்பி வராது.

அவரோட நோட்டுலயே போட்டுப் பாத்தோம். மொத வருஷம் 25,000 எடுத்தப்புறம் மார்க்கெட் 25% விழுது, மிச்சம் 3,56,250. அடுத்த வருஷம் இன்னொரு 10% விழுது, விலைவாசி வருஷா வருஷம் 3% ஏறுதுன்னு வச்சுக்கிட்டோம்.

மொதல்ல பெங்கன்ங்கற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல எழுதின பழைய முறை, மார்க்கெட் என்ன ஆனாலும் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கிட்டே எடுக்கறது. ரெண்டாவது வருஷம் 25,750, மூணாவது வருஷம் 26,523. அப்போ கையில இருக்கற பணத்துல கிட்டத்தட்ட 9% எடுத்துட்டு இருப்பாரு. பெங்கன் ஆரம்பத்துல 4% தான் சொன்னாரு, மாமா 5%ல ஆரம்பிக்கறதால இன்னும் மோசம்.

அடுத்தது கைட்டன், கிளிங்கர் ரெண்டு பேரும் 2006ல சொன்ன கார்ட்ரெயில் முறை. எடுக்கற தொகை இருக்கற பணத்துல எத்தன சதவீதம்னு வருஷம் ஒரு தடவ பாக்கணும். ஆரம்ப சதவீதத்த விட அஞ்சுல ஒரு பங்கு மேல போனா, அதாவது மாமாவுக்கு 6% தாண்டினா, தொகைய 10% வெட்டணும். 4%க்கு கீழ வந்தா 10% கூட்டிக்கலாம். நஷ்ட வருஷத்துக்கு அப்புறம் சதவீதம் ஆரம்பத்த விட மேல இருந்தா விலைவாசி உயர்வும் கிடையாது. மாமாவுக்கு 25,000ங்கறது 7% ஆயிடுச்சு, அதனால 22,500. மூணாவது வருஷம் மறுபடி 7.5%, மறுபடி வெட்டு, 20,250. இதான் இந்த முறையோட கஷ்டம், வெட்டு மேல வெட்டு விழும், ரெண்டே வருஷத்துல கைக்காசு 19% கொறஞ்சு போகுது, விலைவாசியும் ஏறியிருக்கறதால உண்மையில இன்னும் கூட. ஆனா பணத்துக்கு நல்ல பாதுகாப்பு, சதவீதம் 6.7%க்கு இறங்கிடுது.

மூணாவது, வேன்கார்ட்ங்கற அமெரிக்க ஃபண்டு கம்பெனியோட முறை, இது இன்னும் மென்மை. இருக்கற பணத்துல 5% எடுன்னு சொல்லும், ஆனா போன வருஷத் தொகைய விலைவாசிக்கு கூட்டிட்டு, அதுல இருந்து 2.5%க்கு மேல குறைக்காத, 5%க்கு மேல கூட்டாதன்னும் சொல்லும். கணக்கு போட்டப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு: ரெண்டாவது வருஷம் 25,106, மூணாவது வருஷம் 25,213. விலைவாசி 3% ஏறும்போது 2.5% வெட்டுறது வெள்ளிக்கணக்குல வெட்டே இல்ல! மூணாவது வருஷம் 8.5% எடுக்கற நிலைமை, பழைய முறைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாம போயிடுது. சின்ன சரிவுக்கு இது நல்லாருக்கும், இந்த மாதிரி ஆழமான சரிவுக்கு மெதுவா வேல செய்யுது.

மாமாவுக்கு நான் கார்ட்ரெயில்தான் சொன்னேன். காரணம் அந்த 1,500 வெள்ளி. அதையும் சேத்தா மொத வருஷ வருமானம் 43,000, மொத வெட்டுக்கு அப்புறம் 40,500, அதாவது மொத்தத்துல 6%தான் கொறையுது. மாசத்துக்கு 208 வெள்ளி. சாப்பாடு, கரண்டு பில்லு, மருந்து எல்லாத்தையும் சிபிஎஃப் பாத்துக்கும். அவர் எடுத்திருக்கறது ஸ்டாண்டர்ட் பிளான், அது விலைவாசிக்கு ஏறாது, அதனால பத்து வருஷம் கழிச்சு அந்த 1,500க்கு மதிப்பு கொறஞ்சிருக்கும், அப்போ வெட்டு கொஞ்சம் கூட வலிக்கும். எஸ்கலேட்டிங் பிளான் வருஷம் 2% ஏறும், ஆனா ஆரம்பத்துல கம்மி. சிபிஎஃப்ல கொஞ்சமா வர்றவங்க, வீட்டுச் செலவே ஃபண்டுல இருந்துதான்னு இருக்கறவங்க கார்ட்ரெயில்ல மாட்டிக்காதீங்க, 4% மாதிரி கம்மியா ஆரம்பிச்சு வேன்கார்ட் முறைய பிடிங்க.

இன்னொன்னு, அவரோட ஃபண்டு அமெரிக்க டாலர்ல. மார்க்கெட் ஏறியிருந்தாலும் டாலர் இறங்கியிருந்தா இங்க நம்ம கைக்கு கம்மியாதான் வரும், அதனால ஃபண்டு மதிப்ப சிங்கப்பூர் வெள்ளிக்கு மாத்திட்டுதான் சதவீதத்த பாக்கணும், அதுவும் வருஷத்துல ஒரே ஒரு நாள். மாமா நோட்டுல "டிசம்பர் 31, சிங்கப்பூர் வெள்ளி"ன்னு எழுதி கோடு போட்டுட்டாரு, கீழ இன்னொரு வரி: "208 வெள்ளி – பினாங்கு டிரிப்பு". வெட்டு வந்தா அந்த வருஷம் போறதில்லைன்னு அத்தைகிட்டயும் சொல்லிட்டாராம்.