மாங்கன்றுப் படத்துக்கு எது பொருந்தும்? ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, ஏவிஐஎஃப் ஓர் அலசல்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் ஒட்டு மாங்கன்று விற்கும் ஒரு நர்சரி தன் இணையதளத்தில் பெங்களூரா, செந்தூரா, பங்கனப்பள்ளி என்று ரகத்துக்கு ஒரு படம் போடுவதாக வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது ஒட்டுப் பகுதியைத்தான். வேர்ச்செடியும் ஒட்டுக்குச்சியும் சேர்ந்த இடம், அதன்மேல் சுற்றிய நாடா, புதுத் துளிர் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். தோட்டத்தில் நின்றபடி கைபேசியில் திறந்தாலும் படம் உடனே வர வேண்டும்.

எந்த வகைக் கோப்பு என்று பார்ப்பதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும். கைபேசி எடுக்கும் படம் சாதாரணமாக 4000 × 3000 புள்ளிகள். சுமார் 4 எம்பி இருக்கும். நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கும் இடத்தில் அது இறங்க 16 நொடி ஆகும். கைபேசித் திரையில் அந்தப் படத்துக்கு 1200 புள்ளி அகலம் போதும். 1200 × 900 ஆகக் குறைத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். கோப்பும் சுமார் 200 கேபி அளவுக்கு இறங்கும். ஒரு நொடிக்குள் வந்துவிடும். எந்த வகைக்கு மாற்றினாலும் இவ்வளவு லாபம் கிடைக்காது.

ஒளிப்படத்துக்கு பிஎன்ஜி வேண்டாம். எந்த விவரத்தையும் இழக்காமல் சேமிப்பது அதன் இயல்பு. அதனால் இலை, மண், நிழல் நிறைந்த படம் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெருத்துவிடும். ஜேபெக் 1992 முதல் இருக்கிறது, எங்கும் திறக்கும். வெப்பி 2010இல் கூகுள் கொண்டுவந்தது. அதே தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு வரை சிறிதாகும் என்பது கூகுளின் கணக்கு. 2020இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்டதால் இன்று தயங்க வேண்டியதில்லை. ஏவிஐஎஃப் இன்னும் சிறிதாகும். 2024 ஆகஸ்டிலிருந்து கூகுள் தேடலும் அதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் பழைய கைபேசிகளில் திறக்காது. அதிகமாக அழுத்தினால் நாடாவின் மடிப்பும் பட்டையின் சொரசொரப்பும் வழவழவென்று ஆகிவிடும். கன்று விற்பவருக்கு அது நட்டம். ஆகவே என் தேர்வு வெப்பி, தரம் 75. கூகுளின் cwebp என்ற கட்டளைக் கருவியில் இப்படி மாற்றலாம்:

```
cwebp -q 75 -resize 1200 0 IMG_103344.jpg -o bengaloora-ottu-maangandru.webp
```

இதில் ஒரு சிக்கல் உண்டு. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பெரும்பாலும் படுக்கையாகவே சேமிக்கப்பட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பை மட்டும் உடன் வைத்திருக்கும். இந்தக் கட்டளை அந்தக் குறிப்பை விட்டுவிடுவதால் கன்று சாய்ந்து கிடப்பதுபோலத் தெரியும். முதலில் ஒரு படத் திருத்தியில் படத்தையே நிமிர்த்திச் சேமித்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் இருக்கும் விலைப்பட்டியலுக்கு மட்டும் வெப்பி சரிவராது. அதன் வழக்கமான முறையில் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகிறது. சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து நிற்கும். வரைந்த பலகை என்றால் பிஎன்ஜி நல்லது. விலையைப் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சு செய்வது அதைவிட நல்லது; தேடுபொறியும் படிக்கும்.

இனி கோப்பின் பெயர். `IMG_103344.jpg` தேடுபொறிக்கு எதையும் சொல்லாது. தமிழிலேயே பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் தளத்தின் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "தோத்தாபுரி" மட்டும் 90 எழுத்து. அதைவிடப் பெரிய தொல்லை "தோ"வில் இருக்கிறது. அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வழங்கிக்கு இரண்டும் வெவ்வேறு கோப்புகள். பெயர் சரியாக இருப்பதாகத் தோன்றியும் படம் வராமல் 404 என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அடுத்து `.JPG`, `.jpg` வேறுபாட்டைப் பாருங்கள். லினக்ஸ் வழங்கியில் இவையும் வேறு வேறுதான்.

ஆகவே பெயர் சிறிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோடு இல்லாமல் சிறு கோட்டுடன் இருக்கட்டும். தமிழை `alt` விளக்கத்தில் தாராளமாக எழுதுங்கள்: "நாடா சுற்றிய ஒட்டுப் பகுதியுடன் பெங்களூரா மாங்கன்று". கோப்பின் பெயர் கூகுளுக்குத் தருவது இலேசான துப்புதான்; இந்த விளக்கமும் படத்தைச் சுற்றியுள்ள எழுத்தும்தான் கூடுதலாகப் பேசும்.

ஏற்கெனவே தேடலில் வரும் பழைய படங்களின் பெயரை மட்டும் மாற்றுவதற்காக மாற்ற வேண்டாம். கூகுள் படங்களை மறுபடி வந்து பார்ப்பது பக்கங்களைவிட அரிது. வெப்பிக்கு மாற்றுவதால் பெயர் மாறத்தான் வேண்டும் என்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் போட்டுவிடுங்கள்.